செயற்கைக்கோள் விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாதது ஏன்?

புவியைச் சுற்றும் செயற்கைக்கோள், உந்தித் தள்ளும் எஞ்சின் எதுவும் இயங்காத நிலையிலும் ஆண்டுக்கணக்கில் மேலேயே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் அது விழுவதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. 356 கிலோமீட்டர் உயரத்தில் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. அங்கே ஒரு கல்லை அசைவின்றி வைத்து விட்டுவிட்டால் அது நேராகக் கீழே வந்துவிடும். செயற்கைக்கோளும் அதே போல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கல்லுக்கு இல்லாத பக்கவாட்டு வேகம் அதற்கு இருக்கிறது என்பதே வேறுபாடு.

ஐசக் நியூட்டன் இதனைக் கற்பனையான ஓர் உயர்ந்த மலையைக் கொண்டு விளக்கினார். மலை உச்சியிலிருந்து பீரங்கிக் குண்டு ஒன்றைக் கிடைமட்டமாகச் சுட்டால் அது வளைந்து சென்று தரையில் விழும். வேகம் கூடக்கூட, விழும் இடம் தள்ளிப் போகும். காற்றுத் தடை இல்லை என்று கொண்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குண்டு எவ்வளவு கீழே விழுகிறதோ, அவ்வளவுக்குத் தரையும் வளைந்து கீழே இறங்கிவிடும். அதன்பின் குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைவதே இல்லை.

மேற்கண்ட 356 கிலோமீட்டர் உயரத்தில் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே விழும் பொருள் எதுவும் முதல் வினாடியில் சுமார் 4.4 மீட்டர் இறங்கும். வட்டப் பாதைக்குத் தேவையான வேகம் வினாடிக்கு 7.69 கிலோமீட்டர். ஈர்ப்பே இல்லாமல் இந்த வேகத்தில் ஒரு வினாடி நேர்கோட்டில் சென்றிருந்தால், புவி உருண்டையாக இருப்பதால் செயற்கைக்கோள் தரையிலிருந்து 4.4 மீட்டர் கூடுதலாக விலகியிருக்கும். விழுந்தது 4.4, விலகவிருந்தது 4.4, எனவே உயரம் மாறவில்லை. அடுத்த வினாடியும் இதுவே நிகழ்கிறது. செயற்கைக்கோளின் எடை இக்கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஈர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் சமன் ஆவதால் செயற்கைக்கோள் நிற்கிறது என்று எழுதும் வழக்கம் மாணவரைக் குழப்புகிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதன்மீது செயல்படுவது ஈர்ப்பு ஒன்றே. விசைகள் உண்மையிலேயே சமன் ஆகியிருந்தால் அது வளையாமல் நேர்கோட்டில் போய்விடும்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் பயணம் நல்ல சான்று. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. அதில் இ.ஓ.எஸ்.-02 என்ற செயற்கைக்கோளும், நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட்டும் இருந்தன. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் உணரிகளின் அளவை மிகச் சிறிது நேரம் மீறியது. உணரிகள் பழுதாகிவிட்டன என்று கணினி முடிவு செய்து மாற்று வழிக்குச் சென்றது. கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய சிறிய எஞ்சின் தேவையான நேரம் எரியவில்லை.

செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் உயரத்தை அடைந்துதான் இருந்தன. குறைந்தது பக்கவாட்டு வேகம், அதுவும் சுமார் ஒரு சதவீதம் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு வினாடியும் தரை வளைவதைவிடச் சற்று அதிகமாக விழுந்ததால், வட்டமாக இருக்க வேண்டிய பாதை நீள்வட்டமாகி, அதன் மறுமுனை வெறும் 76 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியது. காற்றே இல்லாத நிலவைப் போன்ற இடமாக இருந்தால் அந்தப் பாதையிலும் சுற்றிக்கொண்டே இருக்கலாம். புவியில் 76 கிலோமீட்டரில் உள்ள காற்று, இந்த வேகத்தில் வரும் பொருளைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. ஏவூர்தியிலிருந்து விடப்பட்ட முக்கால் மணி நேரத்தில் எட்டிவிடும் அந்த இடத்தைத் தாண்டி அவற்றால் சுற்ற இயலாது. அவை பயன்படாமல் போயின.

சரியான பாதையில் உள்ளவற்றுக்கும் காற்றுப் பிரச்சினை முழுவதும் தீர்வதில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது மெல்ல மெல்லப் பாதையைத் தாழ்த்துகிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டரில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் அவ்வப்போது எஞ்சினை இயக்கித் தன் உயரத்தை மீட்டுக்கொள்வது இதனால்தான்.

எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பயணம் 2023 பிப்ரவரி 10 அன்று நடந்தது. மாணவியரின் ஆசாதிசாட்-2 உள்ளிட்ட மூன்று செயற்கைக்கோள்கள் இம்முறை 450 கிலோமீட்டர் உயர வட்டப் பாதையில், வினாடிக்குச் சுமார் 7.64 கிலோமீட்டர் வேகத்தில் விடப்பட்டன.