ஏழில் ஒன்று தவறினால் எவ்வளவு?

1996 செப்டம்பர் 28, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஆஸ்கட் மைதானத்தில் அன்று ஏழு ஓட்டங்கள். ஏழிலும் முதலில் வந்த குதிரையின் முதுகில் இருந்தவர் ஒரே ஜாக்கி: இத்தாலியில் பிறந்த ஃப்ராங்கி டெட்டோரி. அந்த ஏழு குதிரைகளையும் ஒரே சீட்டில் சங்கிலியாகக் கோத்துக் கட்டியவருக்கு, ஓட்டம் தொடங்கும் நேரத்து விலைப்படி, ஒரு பவுண்டுக்கு 25,095 பவுண்டு லாபம். இப்படி ஒன்று ஜெயித்த பணம் அப்படியே அடுத்ததன் மேல் ஏறும் பந்தயத்துக்கு அக்குமுலேட்டர் என்று பெயர். ஏழில் ஒன்று தோற்றாலும் ஒரு பைசா வராது.

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் பிரிட்டனின் பந்தயக் கடைகள் வேறொரு வகைச் சீட்டை விற்கின்றன. ஏழு குதிரைகளைச் சொல்லுங்கள். அவற்றில் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, ஏழும் சேர்ந்த ஒன்று வரை எத்தனை கூட்டுகள் அமையுமோ அத்தனையிலும் தனித்தனியாகப் பணம் கட்டுகிறோம் என்கின்றன. சில தோற்றாலும் மீதிக் கூட்டுகள் பிழைக்கும். ஐரோப்பாவில் இதன் பொதுப்பெயர் சிஸ்டம் பந்தயம், அமெரிக்காவில் ரவுண்ட் ராபின். பிரிட்டனில் ரவுண்ட் ராபின் என்று கேட்டால் மூன்று தேர்வுகளில் பத்துப் பந்தயம் கொண்ட வேறொரு சீட்டைத் தருவார்கள். அதை இங்கே விட்டுவிடுவோம்.

முதல் கேள்வி, ஏழு குதிரைக்கு எத்தனை பந்தயம்? பட்டியல் போட்டு எண்ணத் தேவையில்லை. எந்தக் கூட்டிலும் ஒவ்வொரு குதிரையும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. ஏழு குதிரைக்கு இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. அதில் ஒரு குதிரையும் இல்லாத வெற்றுக் கூட்டு ஒன்று உண்டு, அதைக் கழித்துவிடுங்கள். ஒற்றைக் குதிரை மட்டும் நிற்பவை ஏழு. அவை கூட்டே அல்ல, அவற்றையும் கழித்தால் 120. கணக்காக எழுதினால் இவ்வளவுதான்:

```
2^n − n − 1
```

இந்த n இருக்கும் இடத்தில் மூன்று போட்டால் 4, நான்குக்கு 11, ஐந்துக்கு 26, ஆறுக்கு 57, ஏழுக்கு 120. பிரிட்டிஷ் கடைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கின்றன: ட்ரிக்ஸி, யாங்கி, கனடியன், ஹெய்ன்ஸ், சூப்பர் ஹெய்ன்ஸ். தக்காளி சாஸ் விற்கும் ஹெய்ன்ஸ் நிறுவனம் '57 வகைகள்' என்று விளம்பரம் செய்து வந்ததால் 57 பந்தயத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

புதிதாகக் கட்டுபவர் முதலில் இடறும் இடம் இதுதான். 'ஒரு பவுண்டு யாங்கி' என்று சீட்டில் எழுதினால் போவது ஒரு பவுண்டு அல்ல, பதினொன்று. அதே சீட்டில் 'ஈச் வே' என்று சேர்த்தால், ஜெயிப்பதற்கு ஒன்றும் இடம் பிடிப்பதற்கு ஒன்றுமாக எல்லாம் இரட்டித்து இருபத்திரண்டு. சீட்டை நீட்டும் முன் ஒரு பந்தயத்துக்கான பணத்தையும் மொத்தப் பணத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. சில குதிரைகள் தோற்றால் எத்தனை பந்தயம் உயிரோடு இருக்கும்? தோற்ற குதிரை இருக்கும் எல்லாக் கூட்டும் செத்தது. மிஞ்சுவது ஜெயித்த குதிரைகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் கூட்டுகள் மட்டுமே. எனவே அதே சூத்திரத்தில் n என்பதற்கு ஜெயித்தவற்றின் எண்ணிக்கையைப் போட்டால் போதும். ஏழில் ஒன்று தோற்றதும் 120 சட்டென்று 57 ஆகிறது. இரண்டு தோற்றால் 26, மூன்று தோற்றால் 11, நான்கு தோற்றால் 4. சூப்பர் ஹெய்ன்ஸ் வாங்கியவர் கையில் ஹெய்ன்ஸ், பிறகு கனடியன், பிறகு யாங்கி என்று படிப்படியாக இறங்குகிறது. ஏழில் ஒன்றுதானே போயிற்று, ஏழில் ஒரு பங்கு நட்டம் என்று மனம் சொல்லும். உண்மையில் முதல் தோல்வியிலேயே பாதிக்கு மேல் பந்தயங்கள் போய்விடுகின்றன.

எவ்வளவு பணம் வரும் என்பதற்கு ஒவ்வொரு குதிரையின் மடங்கு தெரிய வேண்டும். '2-1' என்றால் ஒரு பவுண்டுக்கு இரண்டு லாபம், கட்டிய ஒன்றும் சேர்ந்து மூன்றாகத் திரும்பும், மடங்கு 3. ஒரு சிறு யாங்கியைப் போட்டுப் பார்ப்போம். நான்கு குதிரைகள், மடங்குகள் 2, 2.5, 3, 4. பந்தயத்துக்கு ஒரு பவுண்டு, மொத்தம் 11 பவுண்டு.

பதினொரு கூட்டையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டலாம். அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மடங்கோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்குங்கள்: 3 × 3.5 × 4 × 5 = 210. பெருக்கலை விரித்தால் எல்லாக் கூட்டுகளும் தாமாகவே உள்ளே வந்துவிடும். கூடவே வெற்றுக் கூட்டின் 1, ஒற்றைகளின் 2 + 2.5 + 3 + 4 = 11.5 ஆகியவையும் வரும். இந்த இரண்டையும் கழித்தால் 197.50 பவுண்டு. நான்கும் ஜெயித்தால் கைக்கு வருவது இது.

தோற்ற குதிரைக்கு மடங்கு பூஜ்யம் என்று வைத்தால் அதே வழி அப்படியே செல்லும். மடங்கு 4 உள்ள குதிரை தோற்றது என்போம். 3 × 3.5 × 4 = 42; அதில் 1, பிறகு 7.5 கழித்தால் 33.50. மாறாக, மடங்கு 2 உள்ளது தோற்றிருந்தால் 59.50. இரண்டிலும் தோற்றது ஒன்றுதான், ஆனால் வரவு ஏறக்குறைய இரு மடங்கு வேறுபடுகிறது.

இரண்டு மட்டும் ஜெயித்தால்? பிழைப்பது ஒரே ஒரு டபுள். எந்த இரண்டு என்பதைப் பொறுத்து 5 பவுண்டிலிருந்து 12 பவுண்டு வரை வரும். போட்ட 11 பவுண்டைத் தாண்டுவது, விலை அதிகமான அந்த இரண்டு குதிரைகளும் சேர்ந்து ஜெயிக்கும்போது மட்டுமே. மற்ற ஐந்து ஜோடிகளிலும் சீட்டு 'ஜெயித்தது', பணப்பை இளைத்தது. ஒன்று மட்டும் ஜெயித்தால் எதுவும் இல்லை. ஒற்றைகளையும் சேர்த்து 15 பந்தயமாக்கிய லக்கி 15 என்ற சீட்டு இந்தக் குறைக்காகவே விற்கப்படுகிறது. அதில் கழிக்க வேண்டியது வெற்றுக் கூட்டின் ஒன்றை மட்டும்தான்.

தோல்வியும் ரத்தும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். குதிரை ஓடவே இல்லை என்றால் வழக்கமாக அதன் மடங்கு 1 ஆகிறது. டபுள் ஒற்றையாகவும் ட்ரெபிள் டபுளாகவும் சுருங்கும், சாகாது. மேலே மடங்கு 4 உள்ள குதிரை தோற்றபோது 33.50 வந்தது. அது ஓடாமல் விலகியிருந்தால் 3 × 3.5 × 4 × 2 = 84; கழிக்க வேண்டியவை 1, 8.5, வருவது 74.50. பணம் பட்டுவாடா ஆன பிறகு தொகை எதிர்பார்த்ததோடு பொருந்தவில்லை என்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இப்போது ஆஸ்கட்டுக்குப் போகலாம். டெட்டோரியின் குதிரைகள் வென்ற வரிசையில் வால் ஸ்ட்ரீட் 2-1, டிஃபிடென்ட் 12-1, மார்க் ஆஃப் எஸ்டீம் 100-30, டெகரேட்டட் ஹீரோ 7-1, ஃபேட்ஃபுல்லி 7-4, லாக்ஏஞ்சல் 5-4, ஃபுஜியாமா கிரெஸ்ட் 2-1. ஒரு பவுண்டு சூப்பர் ஹெய்ன்ஸுக்கு 120 பவுண்டு கட்டியிருந்தால், மேலே சொன்ன வழியில் வருவது 1,31,002 பவுண்டுக்குச் சற்று மேல். இந்த ஏழில் விலை குறைந்த லாக்ஏஞ்சல் மட்டும் தோற்றிருந்தால் சுமார் 40,285. விலை கூடிய டிஃபிடென்ட் மட்டும் தோற்றிருந்தால் சுமார் 9,336. அக்குமுலேட்டர்காரருக்கு இரண்டிலும் பூஜ்யம். அதனால்தான் கடைசி ஓட்டம் தொடங்கும் முன் கடைக்காரர்கள் தவித்தார்கள். ஏற்கெனவே ஆறு ஜெயித்த சீட்டுகள் அவர்கள் தலைமேல் தொங்கின. ஃபுஜியாமா கிரெஸ்ட்டின் மேல் அவர்களே மைதானத்தில் பணம் கொட்டினார்கள். காலையில் 12-1 ஆக இருந்த விலை 2-1 வரை இறங்கியது. அது ஜெயித்தது.

இப்படி ஒரு நாளை வைத்து இந்தச் சீட்டுகளை எடைபோடுவது தவறு. இவற்றைக் காப்பீடு போலப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: ஒவ்வொரு விலைக்குள்ளும் கடைக்காரரின் பங்கு ஒளிந்திருக்கிறது, கூட்டில் அதுவும் பெருகுகிறது. அமெரிக்கக் கணக்கில் இது தெளிவாகத் தெரியும். அங்கே இரு அணிகளும் சமமாகும்படி புள்ளி இடைவெளி வைத்த ஆட்டங்களுக்கு வழக்கமான விலை, 110 டாலர் கட்டினால் 100 லாபம், மடங்கு 1.909. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் ஒற்றைப் பந்தயத்தில் நூறு டாலருக்குச் சராசரியாக நாலரை டாலர் கடைக்குப் போகும். டபுளில் அது ஏறக்குறைய 9. ட்ரெபிளில் 13.

ஐந்து ஆட்டங்களை எடுத்து, இரண்டிரண்டாக ரவுண்ட் ராபின் போட்டால் பத்துப் பந்தயம். தலா பத்து டாலர், மொத்தம் நூறு. ஜெயித்த ஒவ்வொரு ஜோடியும் 36.45 டாலர் தரும். ஐந்தில் மூன்று சரியானால் மூன்று ஜோடிகள், வரவு 109 டாலர் சொச்சம். அதே நூறு டாலரை ஐந்து ஒற்றைகளாக இருபது இருபதாகப் பிரித்திருந்தால் அந்த மூன்று வெற்றிக்குச் சுமார் 114.55 வந்திருக்கும். இரண்டு மட்டும் சரியானால் ரவுண்ட் ராபினில் 36.45, ஒற்றைகளில் 76 டாலருக்கு மேல். ரவுண்ட் ராபின் முந்துவது நான்கோ ஐந்தோ சரியாகும்போது மட்டுமே. ஐந்து நாணயங்களைச் சுண்டினால் அமையும் 32 வழிகளில் அப்படிப்பட்டவை ஆறு.