நோட்டில் 130, ரத்தத்தில் வேறு

முதல் வகை நீரிழிவு உள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய சர்க்கரை நோட்டில் தினமும் 120, 130 என்றே எழுதியிருக்கிறது. ஆனால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை 11 சதவீதம் காட்டுகிறது. அப்படியானால் சராசரி சர்க்கரை 270-ஐ ஒட்டி இருந்திருக்கிறது.

நோட்டில் இருப்பது பொய்க் கணக்கு. அதற்குக் காரணம் பயம்.

ஒருநாள் வகுப்பில் சர்க்கரை திடீரெனக் குறைந்து, வியர்த்து, கை நடுங்கி அவள் சரிந்துவிட்டாள். தோழிகள் பார்த்துவிட்ட வெட்கமும், மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்ற கவலையும் சேர்ந்து, மதிய ஊசியை நிறுத்திவிட்டாள். வீட்டிலோ எண் கூடினால் "என்னத்தைத் தின்னே?" என்று திட்டு. அதனால்தான் மாற்றி எழுதினாள்.

இங்கே மிரட்டல் உதவாது. சில மாதங்களுக்கு ஊசி போடும் பொறுப்பைப் பெற்றோர் மீண்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வயிறா, தொடையா என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கும் விவரம் தெரியட்டும். எண்ணைப் பார்த்ததும் திட்டாமல், "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

ஊசி தவறிய குழந்தைக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.