ஆப்ஷன் விற்றவர்களுக்கு 2020 மார்ச் என்ன செய்தது?

ஒரு நிஃப்டி ஆப்ஷனின் பிரீமியத்துக்குள் ஒரு கணிப்பு இருக்கிறது. எக்ஸ்பைரிக்குள் சந்தை எவ்வளவு ஏறி இறங்கும் என்ற கணிப்பு. பிரீமியத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் கிடைக்கும் அந்த எண்தான் இம்ப்ளைட் வொலட்டிலிட்டி. இந்தியா விக்ஸ் என்பது அடுத்த 30 நாட்களுக்கான அதே எண். அந்த நாட்கள் கழிந்த பிறகு, சந்தை உண்மையில் எவ்வளவு ஆடியது என்று அளந்தால் வருவது ரியலைஸ்டு வொலட்டிலிட்டி. ஆப்ஷன் விற்பவருக்கு முதலாவது விற்ற விலை, இரண்டாவது அடக்க விலை.

பெரும்பாலான மாதங்களில் விற்ற விலைதான் கூடுதல். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கு 1990-க்குப் பிந்தைய நீண்டகாலச் சராசரியில் இந்த இடைவெளி மூன்று, நான்கு புள்ளிகள். சந்தை ஏமாந்துபோய் இப்படி விலை வைப்பதில்லை. பெரிய தொகைக்குப் பங்கு வைத்திருக்கும் ஃபண்டுகள், வீழ்ச்சியிலிருந்து தப்பிக்கப் புட் வாங்குகின்றன. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அவற்றுக்கு நிம்மதி முக்கியம். விற்பவருக்கோ நஷ்டம் தனியாக வருவதில்லை. கையிலுள்ள பங்குகள் சரிந்து, மார்ஜின் கூடி, கடன் கிடைக்காமல் போகும் அதே வாரத்தில்தான் வரும். அந்த வாரத்தைத் தாங்குவதற்கான கூலிதான் இந்த இடைவெளி.

நஷ்டம் ஏன் அவ்வளவு பெரிதாகிறது? வொலட்டிலிட்டி வருடக் கணக்கில் சொல்லப்படுவது. அதை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான அளவு கிடைக்கும். வருடத்தின் சுமார் 252 வர்த்தக நாட்களின் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. ஆக 16 என்ற அளவில் ஆப்ஷன் விற்றவர், சந்தை நாளொன்றுக்கு 1% ஆடும் என்ற விலைக்கு விற்றிருக்கிறார். அவர் தினமும் ஃப்யூச்சர்ஸில் ஹெட்ஜ் செய்கிறார், நாள் கழிவதாலேயே அவருக்கு 1,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம். சந்தை 1% நகர்ந்தால் அந்த ஆயிரமும் போய்விடும். அரை சதவீதம் நகர்ந்தால் 250 போய், 750 மிஞ்சும். 2% நகர்ந்தால் 4,000 போகும். 4% நகர்ந்தால் 16,000. நகர்வு இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. மிகப் பெரிய நகர்வுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். ஒரு நாளில் அவர் சம்பாதிக்கக்கூடிய உச்சம் ஆயிரம். இழப்புக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

இப்போது 2020 பிப்ரவரி 28-க்குப் போவோம். கொரோனா பயத்தில் நிஃப்டி ஏற்கெனவே இறங்கி 11,200-ஐ ஒட்டி முடிந்திருந்தது. விக்ஸ் 20-ஐத் தாண்டியிருந்தது. பிரீமியம் கொழுத்திருக்கிறது, விற்க நல்ல நேரம் என்று தோன்றக்கூடிய நாள். 23 என்ற வொலட்டிலிட்டியில் கணக்குப் போட்டால், மார்ச் 26 எக்ஸ்பைரிக்கு 11,200 கால், புட் இரண்டையும் விற்பவருக்குச் சுமார் 560 புள்ளிகள் கிடைக்கும். ரியலைஸ்டு 20 என்று அமைந்தால், இப்படி விற்பதில் சராசரியாக 70 புள்ளிகளுக்குச் சற்று மேல் மிஞ்சும். அன்றைய 75 லாட்டுக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய்.

மார்ச் 23 அன்று நிஃப்டி 13% சரிந்து 7,610-இல் முடிந்தது. காலையில் 10% கீழ்ச் சர்க்யூட் விழுந்து 45 நிமிடம் வர்த்தகமே நின்றது. அன்றைய முடிவில் ஒரு லாட்டுக்கான நஷ்டம் குறைந்தது 2,27,000 ரூபாய். எக்ஸ்பைரி நாளில் நிஃப்டி 8,641-க்கு மீண்டதால் அது சுமார் ஒன்றரை லட்சமாகக் குறைந்தது. ஆனால் அந்த மூன்று நாட்களைத் தாண்ட மார்ஜின் கட்டியாக வேண்டும். கட்ட முடியாதவரின் பொசிஷனை புரோக்கர் மூடிவிட்டால், பிறகு சந்தை மீண்டதில் அவருக்குப் பயனில்லை. ஒன்றரை லட்சம் என்றே எடுத்துக்கொண்டாலும், அது 27 மாதங்களின் சராசரி வருமானம்.

விற்பவர்கள் இங்கே அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இன்றைய விக்ஸைக் கடந்த மாத ரியலைஸ்டுடன் ஒப்பிட்டு, இடைவெளி பெரிது என்று லாட்டைக் கூட்டுவார்கள். விற்ற ஆப்ஷனின் லாபம் இனி வரப்போகும் மாதத்தின் ஆட்டத்தைப் பொறுத்தது. விக்ஸ் ஏறியிருப்பதே, அந்த ஆட்டம் வரப்போகிறது என்று பலர் பயந்து பணம் கொடுப்பதால் இருக்கலாம். சரியாக அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு மாதத் தொடக்கத்தின் விக்ஸையும் அதைத் தொடர்ந்த மாதத்தின் ரியலைஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 2008, 2020 போன்ற வருடங்களையும் விடாமல் சேர்க்க வேண்டும். அமைதியான ஐந்தாறு வருடங்களை மட்டும் எடுத்தால் எந்த விற்பனையும் பிரமாதமாகத் தெரியும்.

கீழே 10,200 புட் ஒன்றை வாங்கி நஷ்டத்துக்கு அணை போடலாம். அதற்கு 60 புள்ளிகள் கொடுத்திருந்தால், அந்த மார்ச்சில் கீழ்ப்பக்க நஷ்டம் 500 புள்ளிகளோடு, அதாவது 37,500 ரூபாயோடு நின்றிருக்கும். ஆனால் அமைதியான மாதத்திலும் அந்த 60 புள்ளிகளைக் கொடுத்தாக வேண்டும். சராசரியாக மிஞ்சும் எழுபது சொச்சத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.