ஒரே வீடு, மூன்று விதமான சான்று: அமெரிக்கக் குடியுரிமையை எந்த அலுவலகத்தில் எதைக் காட்டி நிரூபிப்பது?

அமெரிக்காவில் குடியேறிய ஒரு கோவைக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா போன மாதம்தான் உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகன் ஆனார். அம்மாவிடம் கிரீன் கார்டு இருக்கிறது. 15 வயது மகள் கோவையில் பிறந்தவள். அவளும் கிரீன் கார்டு வைத்திருக்கிறாள். எட்டு வயது மகன் டெக்சாஸில் பிறந்தவன். இந்த வீட்டில் குடிமக்கள் எத்தனை பேர்?

இரண்டு பேர் என்பீர்கள். உண்மையில் மூன்று பேர். அப்பா உறுதிமொழி எடுத்த அன்றே மகளும் குடிமகளாகிவிட்டாள். பிள்ளைக்கு 18 வயது நிறையாமல் இருக்க வேண்டும்; கிரீன் கார்டு இருக்க வேண்டும்; குடிமகனான பெற்றோரின் சட்டப்பூர்வப் பொறுப்பில், அவரோடு அமெரிக்காவில் வசிக்க வேண்டும். இவை பொருந்தினால் போதும், குடியுரிமை தானாக வந்துவிடும். 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. சிக்கல் என்னவென்றால், மகளின் பெயருக்கு எந்தக் காகிதமும் தானாக வராது.

மகன்: பிறப்புச் சான்றிதழே போதும்

அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழே குடியுரிமைச் சான்று. ஆனால், குழந்தையின் பாதச் சுவடு பதித்து மருத்துவமனை தரும் அழகான அட்டையைப் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்காது. மாநிலமோ, கவுன்டியோ, நகரமோ முத்திரையுடன் தந்த சான்றிதழ் வேண்டும். அதில் பெற்றோர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமாகத் தரப்படும் சில சான்றிதழ்களில் அது இருக்காது.

அப்பா: முதலில் எங்கே போவது?

உறுதிமொழி விழாவில் கிடைப்பது நேச்சுரலைசேஷன் சான்றிதழ். அனுமதியின்றி நகல் எடுப்பது குற்றம் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதால் பலரும் பயந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் போன்ற முறையான தேவைக்கு நகல் எடுக்கலாம். பாஸ்போர்ட் அலுவலகமே அசலோடு ஒரு நகலும் கேட்கிறது.

அசலை அனுப்பிவிட்டால் அது தபாலில் திரும்பி வரும்வரை கையில் எதுவும் இருக்காது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமோ நகலை ஏற்காது, நோட்டரி கையெழுத்து இருந்தாலும் சரி. அதனால் விழா முடிந்து 10 நாள் பொறுத்து, முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் அசலைக் காட்டிப் பதிவை மாற்றிக்கொள்வது நல்லது. பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

மகள்: நான்கு காகிதங்கள்

அப்பாவின் சான்றிதழ் திரும்பி வந்ததும் மகளுக்கு DS-11 படிவத்தில் பாஸ்போர்ட் கேட்கலாம். அவளுடைய கோவைப் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் நேச்சுரலைசேஷன் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அவளுடைய கிரீன் கார்டு ஆகியவை வேண்டும். 16 வயதுக்குக் கீழே என்பதால் அம்மா, அப்பா இருவரும் அவளோடு நேரில் போக வேண்டும். வர முடியாதவர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் பிறப்புச் சான்றிதழ்தான். குழந்தையின் பெயர் எழுதாமலே பதிவான சான்றிதழ்கள் பல வீடுகளில் உண்டு. சிலவற்றில் அப்பாவின் பெயர் இனிஷியலோடும், அமெரிக்கக் காகிதங்களில் அது விரித்தும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே, பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்த்து, திருத்திப் புதிய சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் அதைக் காட்டி அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி பதிவையும் மாற்றிவிடலாம்.

வேலையில் சேரும்போது

புதிதாக வேலையில் சேருபவர் I-9 படிவத்துக்குச் சான்று காட்ட வேண்டும். காலாவதியாகாத பாஸ்போர்ட் இருந்தால் அது ஒன்றே போதும். ஆள் அடையாளத்தையும் வேலை செய்யும் உரிமையையும் அதுவே காட்டிவிடும். பிறப்புச் சான்றிதழோ நேச்சுரலைசேஷன் சான்றிதழோ காட்டினால், கூடவே ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாளச் சான்றும் வேண்டும். எதைக் காட்டுவது என்பது ஊழியரின் விருப்பம். பாஸ்போர்ட்தான் வேண்டும் என்று முதலாளி வற்புறுத்தக் கூடாது.

பாஸ்போர்ட் மட்டும் போதுமா?

16 வயதுக்குள் வாங்கும் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். தவிர, பாஸ்போர்ட் கொடுப்பது வெளியுறவுத்துறை. கிரீன் கார்டு பதிவுகளை வைத்திருப்பது குடியேற்றத்துறை. பாஸ்போர்ட் வாங்கிய பிறகும் குடியேற்றத்துறைப் பதிவில் மகள் கிரீன் கார்டு வைத்திருப்பவராகவே தொடரலாம். அதைச் சரிசெய்ய N-600 படிவத்தில் விண்ணப்பித்து, அவள் பெயரிலேயே குடியுரிமைச் சான்றிதழ் வாங்கலாம். கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். ஆனால் அது காலாவதி ஆவதில்லை. 18 வயது கடந்த பிறகும் விண்ணப்பிக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாதது அப்பாவின் உறுதிமொழிதான். மகளின் 18-வது பிறந்தநாளுக்குப் பிறகு அவர் குடிமகனாகியிருந்தால், அவளுக்கு எதுவும் தானாக வந்திருக்காது. தனியாக விண்ணப்பித்து, தேர்வு எழுதி, அவளே உறுதிமொழி எடுக்க வேண்டியிருக்கும்.