எங்கே அந்த நாலு கம்ப்யூட்டர்?

கோவையில் பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவைதான். தவறுகள் மட்டும் எந்தத் தொழிற்சாலையிலும் நடப்பவை. மார்ச் 31 அன்று அதன் பேரேட்டில் கம்ப்யூட்டர் கணக்கின் இருப்பு 48,60,000 ரூபாய். நிலைச் சொத்துப் பதிவேட்டில் உள்ள கம்ப்யூட்டர்களின் வாங்கிய விலையைக் கூட்டினால் 47,15,000 வருகிறது. இடிப்பது 1,45,000 ரூபாய்.

இரண்டும் ஒரே சொத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. பேரேட்டுக்குத் தெரிவது மொத்தத் தொகை மட்டும். பதிவேட்டிலோ ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி உண்டு: எப்போது வாங்கியது, என்ன விலை, எந்த அறையில் இருக்கிறது, இதுவரை எவ்வளவு தேய்மானம் எழுதியாயிற்று என்று. காரோ 2020 என்று ஆடிட்டர்கள் சொல்லும் மத்திய அரசின் உத்தரவு பொருந்தும் நிறுவனங்களில், அளவும் இருப்பிடமும் காட்டும் பதிவேடு இருக்கிறதா, நியாயமான இடைவெளியில் சொத்துகளை நேரில் சரிபார்த்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

1,45,000 ரூபாய்க்கு ஒரு பில்லைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தொகைக்கு எதையுமே வாங்கவில்லை. ஆண்டின் பில்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டு வரிகளோடு ஒப்பிட்டபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. மார்ச் கடைசியில் வந்த இரண்டு லேப்டாப்களின் 1,70,000 ரூபாய் பேரேட்டில் ஏறிவிட்டது, பதிவேட்டில் ஏறவில்லை. 25,000 ரூபாய் பிரிண்டர் ஒன்று பதிவேட்டில் இருக்கிறது. பேரேட்டிலோ அதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதிவிட்டார்கள். எதிரெதிர் திசையில் இழுக்கும் இந்த இரண்டும் சேர்ந்துதான் 1,45,000 ஆகியிருந்தது. லேப்டாப்களைப் பதிவேட்டில் சேர்த்து, பிரிண்டரைச் செலவிலிருந்து சொத்துக்கு மாற்றியதும் இரண்டு பக்கமும் 48,85,000.

வித்தியாசத்தை ஒரே தொகையாக ‘சரிக்கட்டி’ எழுதியிருந்தால் எண்கள் அப்போதும் ஒத்துப்போயிருக்கும். ஆனால் லேப்டாப்களுக்குப் பதிவேட்டில் வரியே இருந்திருக்காது. நாளை அவை காணாமல்போனால் கேட்கவும் ஆள் இருக்காது.

ஏட்டில் எல்லாம் பொருந்தியாயிற்று. இனி கிளிப்பலகையோடு தொழிற்சாலைக்குள் நடக்க வேண்டும்.

சரிபார்ப்பு இரண்டு வழியாகவும் நடக்க வேண்டும். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடினால், இல்லாத பொருள் தெரியும். கண்ணில் பட்ட பொருளிலிருந்து பதிவேட்டுக்குத் திரும்பினால்தான் எழுதாமல் விட்டது தெரியும். வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின் போல, அங்கே இருந்தும் நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத பொருள்களும் உண்டு. அவற்றைத் தனியே குறித்துவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிடிமானம் பொருளில் ஒட்டிய டேக். அதில் இருக்கும் எண்ணும் பதிவேட்டு வரியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அலுவலக மேஜைக்கு பார்கோடு ஸ்டிக்கர் போதும். எண்ணெயும் சூடும் படும் லேத்தில் அது சில மாதங்களில் உரிந்துவிடும். எண் பொறித்த அலுமினியத் தகட்டை ரிவெட் அடிப்பதுதான் நிற்கும். அதையும் கழற்றி மாட்டும் மூடியில் அடிக்கக் கூடாது. மூடி வேறு இயந்திரத்துக்குப் போனால் எண்ணும் கூடவே போய்விடும்.

பம்பு தொழிலில் இன்னொரு சிக்கல் பேட்டர்ன்கள். வார்ப்புக்காக ஃபவுண்டரிகளில் அவை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சொத்து நிறுவனத்துடையது, இருப்பதோ வேறொருவர் கூரையின் கீழ். ஃபவுண்டரியிடமிருந்து எண்வாரியாக எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். விலை கூடியவற்றை நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

நம் நிறுவனத்தில் சரிபார்ப்பு முடிந்தபோது நாலு பழைய கம்ப்யூட்டர்களைக் காணோம். பதிவேட்டிலும் பேரேட்டிலும் அவை இருந்ததால் ஏட்டு ஒப்பீடு இதைக் காட்டவே முடியாது. விசாரித்ததில், முந்தைய ஆண்டு காயலான் கடைக்கு 6,000 ரூபாய்க்குப் போட்டது தெரிந்தது. பணம் ‘இதர வருமானம்’ என்று வரவாகியிருந்தது. சொத்தைக் கழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வாங்கிய விலை 1,60,000. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கம்ப்யூட்டருக்கு ஆயுள் 3 ஆண்டு. அது முடிந்து 95 சதவீதம், அதாவது 1,52,000 ரூபாய் தேய்மானம் எழுதியாயிற்று. ஏட்டு மதிப்பு 8,000. விற்று வந்தது 6,000 என்பதால் உண்மையில் 2,000 ரூபாய் நட்டம். ஏடோ 6,000 ரூபாய் வருமானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி, விலையையும் தேய்மானத்தையும் இரண்டு ஏடுகளிலிருந்தும் நீக்கியதும் கம்ப்யூட்டர் கணக்கு 47,25,000-இல் நின்றது.

கூடவே வாசலில் ஒரு நடைமுறையும் வந்தது. கழிவாகப் போகும் எந்தப் பொருளின் டேக்கையும் கழற்றி கேட் பாஸோடு இணைத்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அந்த டேக் கையில் வந்த அன்றே பதிவேட்டு வரியை மூடுகிறார்கள்.