முடிவிலி வரை நீளும் பரப்பு: முதலில் அதற்கு மதிப்பு உண்டா?

பருவத் தேர்வு முடிந்த மறுநாள் ஒரு கல்லூரி மாணவி கேள்வித்தாளைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தாள் மடிந்திருந்ததால் கேள்வியின் முதல் வரி படத்தில் விழவில்லை. கையின் நிழல் ஒரு மூலையில் படிந்திருந்தது. தெளிவாகத் தெரிந்தது இவ்வளவுதான்:

∫₁^∞ dx / (x(x+1))

கூடவே அவள் கேட்டிருந்தாள்: "சார், பகுதிப் பின்னமாகப் பிரித்தேன். ரெண்டுமே முடிவிலி வருது. கழிச்சா 0 தானே?"

0 வர வாய்ப்பே இல்லை. 1-க்கு வலப்பக்கம் எங்கே பார்த்தாலும் இந்தச் சார்பு நேர்மதிப்பு உடையது. அதன் வளைவரை அச்சுக்கு மேலேயே ஓடுகிறது. அப்படியிருக்க, அதன் கீழ் உள்ள பரப்பு எப்படி 0 ஆகும்? ஆனாலும் அவள் செய்த பிழையை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். தொகையீட்டுக் குறியைப் பார்த்ததும் கை கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. கணக்கிடும் அளவுக்கு அங்கே ஒரு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வி எழுவதே இல்லை.

மேல் எல்லையில் ∞ என்று எழுதியிருப்பதை ஓர் எண்ணாக நினைத்துச் சார்பில் நேரடியாகப் போடக் கூடாது. அதன் பொருள் வேறு. முதலில் 1 முதல் b வரை உள்ள பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். b எவ்வளவு பெரிதானாலும் அது முடிவுள்ள ஓர் எண்தான். பிறகு b-ஐ வளரவிட்டு, அந்தப் பரப்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது ஏதோ ஓர் எண்ணை நெருங்கி, அதை விட்டு விலகாமல் இருந்தால் தொகையீடு ஒருங்குகிறது. அந்த எண்தான் விடை. அளவின்றி வளர்ந்துகொண்டே போனாலோ, எந்த எண்ணிலும் நிலைகொள்ளாமல் அலைந்தாலோ தொகையீடு விரிகிறது. அப்போது விடையாக எழுத எண் எதுவும் கிடையாது. 'விரியும்' என்பதே முழு விடை.

வளைவரை அச்சை நெருங்கிக்கொண்டே போனால் பரப்பும் முடிவுக்கு வந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. 1/x அந்த நம்பிக்கையை உடைக்கிறது. 1 முதல் 2 வரை உள்ள துண்டை எடுங்கள். அங்கே 1/x எங்குமே 1/2-க்குக் குறைவதில்லை. அகலம் 1, ஆகவே பரப்பு குறைந்தது 1/2. அடுத்து 2 முதல் 4 வரை: உயரம் குறைந்தது 1/4, அகலம் 2, பரப்பு மறுபடியும் குறைந்தது 1/2. 4 முதல் 8 வரை உயரம் குறைந்தது 1/8, அகலம் 4, இங்கேயும் அதே 1/2. உயரம் பாதியாகும்போதெல்லாம் அகலம் இரண்டு மடங்காகிவிடுகிறது. இப்படி முடிவில்லாத துண்டுகள், ஒவ்வொன்றும் குறைந்தது அரை அலகு. கூட்டுத்தொகை எந்த எண்ணிலும் நிற்காது. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம் 1 + 1/2 + 1/3 + … என்ற தொடர் விரிகிறது என்று காட்டியதும் இதே முறையில் உறுப்புகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துத்தான். நுண்கணிதம் பிறக்க இன்னும் சுமார் 300 ஆண்டுகள் இருந்த காலம் அது.

இந்த வளர்ச்சி மிக மெதுவானது. 1/x-இன் கீழ் உள்ள பரப்பு, 1-இலிருந்து பத்து லட்சம் வரை போனாலும் 13.8-ஐத்தான் எட்டுகிறது. கணிப்பானில் மேல் எல்லைக்குப் பெரிய எண் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பவருக்கு அது ஏறக்குறைய நின்றுவிட்டது போலவே தெரியும். அதனால்தான் எண்களைப் போட்டுப் பார்த்து ஒருங்குதலை முடிவு செய்ய முடியாது என்கிறேன்.

1/x² அப்படியல்ல. 1 முதல் b வரை அதன் பரப்பு 1 − 1/b. b எவ்வளவு வளர்ந்தாலும் இது 1-ஐத் தாண்டாது. 1-ஐ நெருங்கி நிற்கும். பொதுவாக 1/xᵖ என்ற சார்பு, p ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் 1 முதல் முடிவிலி வரை ஒருங்கும். P ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் விரியும். அடுக்கு 1.01 ஆக இருந்தாலும் தப்பித்துவிடும், சரியாக 1 என்றால் தப்பாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தில் உள்ள கேள்விக்கு வருவோம். பகுதி x² + x. x பெரிதாகப் பெரிதாக x² உடன் ஒப்பிட்டால் அந்த x ஒரு பொருட்டே இல்லை. ஆகவே சார்பு தொலைவில் 1/x² போலவே நடந்துகொள்ளும், தொகையீடு ஒருங்கும் என்று ஊகிக்கலாம். தேர்வில் ஊகம் மட்டும் போதாது, ஒரு வரியில் காரணம் காட்ட வேண்டும். x ≥ 1 என்றால் x² + x என்பது x²-ஐ விடப் பெரிது. ஆகவே நம் சார்பு 1/x²-ஐ விடச் சிறியது. 1/x²-இன் மொத்தப் பரப்பு 1. அதற்குள் அடங்குகிற, எப்போதும் நேர்மதிப்பாக உள்ள சார்பின் பரப்பு b-யோடு சேர்ந்து வளரும். ஆனால் 1-ஐத் தாண்ட முடியாது. எனவே அது ஏதோ ஓர் எண்ணில் நின்றே ஆக வேண்டும். ஒருங்குதல் உறுதியாகிவிட்டது.

இந்த வரியிலிருந்து இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. x ≥ 1 என்றால் x எப்போதும் x²-க்கு மேல் போகாது. ஆகவே x² + x என்பது 2x²-ஐத் தாண்டாது. நம் சார்பு 1/(2x²)-க்குக் குறையாது. அதன் பரப்பு 1/2. அதாவது இன்னும் எதையும் தொகையிடாமலே, விடை 1/2-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தேர்வறையில் இந்த வேலி கையில் இருந்திருந்தால், 0 என்று எழுதிய பேனா அங்கேயே நின்றிருக்கும்.

இப்போது கணக்கு. 1/(x(x+1)) = 1/x − 1/(x+1) என்று பிரிப்பது சரிதான். பிரித்ததைத் தனித்தனியாக முடிவிலிக்கு அனுப்பியதுதான் கோளாறு. இரண்டு பகுதிகளுமே தனித்தனியே விரிபவை. விரியும் இரண்டைக் கழித்தால் என்ன வரும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிப்பது 0 ஆகலாம், 5 ஆகலாம், முடிவிலியாகவே இருக்கலாம். ஆகவே b வரை மட்டும் தொகையிட்டு, இரண்டு மடக்கைகளையும் சேர்த்த பிறகே எல்லைக்குப் போக வேண்டும்:

∫₁^b dx/(x(x+1)) = ln(b/(b+1)) − ln(1/2) = ln(b/(b+1)) + ln 2

b வளரும்போது b/(b+1) என்பது 1-ஐ நெருங்கும். அதன் மடக்கை 0-வை நெருங்கும். விடை ln 2, அதாவது ஏறக்குறைய 0.693. நாம் போட்ட வேலிக்குள்ளேயே இருக்கிறது. b = 100 என்று வைத்தால் 0.683 வருகிறது; b = 1000 என்றால் 0.692.

அதே படத்தில் அடுத்த கேள்வியும் பாதி தெரிந்தது. ∫₋∞^∞ 2x/(1+x²) dx. இதற்கும் அவள் 0 என்றே எழுதியிருந்தாள், இந்த முறை இன்னும் நம்பிக்கையோடு. சார்பு ஒற்றைச் சார்பு. இடப்பக்கம் உள்ள எதிர்ப் பரப்பும் வலப்பக்கம் உள்ள நேர்ப் பரப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும் என்பது அவள் வாதம். முதல் கேள்வியின் பிழையை விட இது ஆபத்தானது. ஏனென்றால் இங்கே கணக்கு எந்த இடத்திலும் முரண்டு பிடிக்காது, விடையும் அழகாக வரும்.

இரு பக்கமும் முடிவிலி என்றால், −∞ முதல் 0 வரை, 0 முதல் ∞ வரை என இரண்டாகப் பிரித்து, இரண்டும் தனித்தனியே ஒருங்கினால்தான் முழுத் தொகையீடு ஒருங்கும். x பெரிதாகும்போது 2x/(1+x²) என்பது 2/x போல நடந்துகொள்கிறது, அடுக்கு 1. 0 முதல் b வரை பரப்பு ln(1+b²). இது அளவின்றி வளர்கிறது. வலப்பக்கம் விரிந்தாயிற்று, இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. விடை: விரியும். சமச்சீர் வாதம் ஏன் செல்லாது என்று கேட்டால், எல்லைகளைச் சற்று மாற்றிப் பார்க்கச் சொல்வேன். −R முதல் R வரை எடுத்தால் எப்போதும் 0. −R முதல் 2R வரை எடுத்தால் ln((1+4R²)/(1+R²)); R வளரும்போது அது ln 4-ஐ, அதாவது சுமார் 1.386-ஐ நெருங்குகிறது. இரண்டு பக்கமும் முடிவிலிக்குத்தான் போகின்றன, ஆனால் போகும் வேகத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. அப்படிப்பட்ட எண்ணைத் தொகையீட்டின் மதிப்பு என்று சொல்ல முடியாது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் போனால் கிடைக்கும் அந்த 0-வுக்கு 'கோஷியின் முதன்மை மதிப்பு' என்று பெயர். பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் நடத்திய பாடங்களைத் தொகுத்து 1823-இல் வெளியிட்ட நூலில் கோஷி அதைத் தனிப் பெயரிட்டுப் பிரித்தே வைத்தார். கேள்வியில் முதன்மை மதிப்பு கேட்கப்படாதபோது அதை விடையாக எழுதுவது தவறு.

முதல் கேள்வியில் இன்னொன்று பாக்கி. கீழ் எல்லை இருந்த இடத்தில்தான் கையின் நிழல் விழுந்திருந்தது. நான் 1 என்று படித்தேன். அது 0 ஆகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் முடிவிலியை மட்டும் பார்ப்பது போதாது, ஏனென்றால் x = 0-இல் பகுதி பூச்சியமாகி, வளைவரை வானளாவ எழுகிறது. 0-க்கும் 1-க்கும் இடையில் x + 1 என்பது 2-ஐத் தாண்டாது. ஆகவே சார்பு 1/(2x)-க்குக் குறையாது. a முதல் 1 வரை 1/(2x)-இன் பரப்பு (1/2) ln(1/a). a பூச்சியத்தை நெருங்கும்போது இது அளவின்றி வளரும். மேல் முனையில் எவ்வளவு நல்லபடியாக ஒருங்கினாலும், கீழ் முனை எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றிப் படித்தால் ln 2 போய், 'விரியும்' என்பதே விடையாகிறது.

பூச்சியத்துக்கு அருகே அடுக்கின் விதி தலைகீழாகும் என்பதையும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். அங்கே p ஒன்றைவிடச் சிறிதாக இருந்தால்தான் ஒருங்கும். உதாரணத்துக்கு, அந்த x-இன் மேல் வர்க்கமூலக் குறி இருந்து அது படத்தில் மங்கிப்போயிருந்தால் கேள்வி ∫₀^∞ dx/(√x (x+1)) ஆகும். 0-க்கு அருகே இது 1/√x போன்றது, அடுக்கு 1/2. தொலைவில் 1/x^(3/2) போன்றது, அடுக்கு ஒன்றரை. இரண்டு முனையும் ஒருங்குகின்றன. இனி தைரியமாகக் கணக்கிடலாம். x = t² என்று பிரதியிட்டால் 2/(1+t²) என்ற எளிய சார்பு கிடைக்கும். 0 முதல் முடிவிலி வரை அதன் பரப்பு π.