முழு எச்டி கேமரா, நொடிக்கு 5 படம்

புது வெப்கேமில் 1080p தேர்ந்தெடுத்தால் படம் விட்டு விட்டு நகர்கிறதா? கேமராவைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்.

சுருக்கப்படாத 1080p படத்தை நொடிக்கு 30 முறை அனுப்ப ஏறத்தாழ 1,000 மெகாபிட் வேகம் வேண்டும். யுஎஸ்பி 2.0 பாதையின் உச்சமே 480 மெகாபிட்தான். அதனால் கேமரா நொடிக்கு 5 படத்துக்கு இறங்கிவிடும். ஹப்பில் பென்டிரைவும் சேர்ந்தால் அந்த வேகமும் பங்காகிவிடும்.

யுஎஸ்பி 3 கேமராவும் இப்படித் தடுமாறலாம். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் 2.0-க்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். லினக்ஸில் `lsusb -t` கட்டளை கொடுத்தால், கேமராவுக்கு நேரே `480M` என்று வருகிறதா, `5000M` என்று வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

`480M` வந்தால் ஹப்பை விலக்கி, யுஎஸ்பி 3 கேபிளில் நேரடியாகச் செருகுங்கள். கேமராவே 2.0 வகை என்றால், வீடியோ வடிவத்தை `YUY2`-விலிருந்து `MJPEG`-க்கு மாற்றுங்கள். படம் சுருங்கி வருவதால் 30 கிடைக்கும்.